பிளெக்ஸின் கீழே என் நம்பரும் இருக்கிறது: பயிற்சி மைய உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் டிஎன்பிஎஸ்சி, காவலர், ஆசிரியர் தேர்வுகளுக்குப் பயிற்சி மையம் நடத்தும் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். மதுரையில் நான் ஒரு சிறிய டிசைன் கடை வைத்திருக்கிறேன். பிட் நோட்டீஸ், பிளெக்ஸ், செய்தித்தாளோடு வைக்கும் மல்டிகலர் துண்டறிக்கை எல்லாம் செய்து தருகிறோம். தேர்வு முடிவு வரும் வாரங்களில் என் வேலையில் பெரும்பங்கு உங்களிடமிருந்துதான் வருகிறது. நாற்பது, ஐம்பது முகங்களைச் சின்னச் சின்ன வட்டங்களில் அடுக்கி, நடுவில் உங்கள் படத்தைப் பெரிதாக வைத்து, "எங்கள் வெற்றியாளர்கள்" என்று மஞ்சள் எழுத்தில் போட்டுத் தந்திருக்கிறேன். அந்த வேலையைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

டிஎன்பிஎஸ்சி தொகுதி 4 முடிவு வந்த சில நாட்களில் ஒரு பெண் எனக்கு போன் செய்தார். பிளெக்ஸின் கீழ் ஓரத்தில் அச்சிட்ட கடையின் நம்பர் இருக்கும் அல்லவா, அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருந்தார். "அண்ணே, பஸ் ஸ்டாண்டு எதிர்ல இருக்கிற பிளெக்ஸ்ல மூணாவது வரிசையில என் படம் இருக்கு. நான் அங்க படிக்கவே இல்லண்ணே. ஒரு ஞாயித்துக்கிழமை ஃப்ரீ டெஸ்ட் எழுதப் போனேன், அவ்வளவுதான்" என்றார். அந்தப் படம் அவருடைய வாட்ஸ்அப் முகப்புப் படம். இலவசத் தேர்வுக்குப் பதிவு செய்தபோது கொடுத்த நம்பரிலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள். படத்துக்குக் கீழே, அவர் சொன்னதாக நாலு வரி வேறு. அந்த நாலு வரியைத் தட்டச்சு செய்தவன் நான். மையத்திலிருந்து வந்ததை அப்படியே அடித்தேன். அவரிடம் கேட்டீர்களா என்று நான் விசாரிக்கவில்லை.

அவர் உண்மையில் படித்தது மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில். அரசு நடத்துகிற இலவச வகுப்பு அது. அப்புறம் நூலகம், பள்ளிப் பாடப் புத்தகங்கள். அவருக்கு இரண்டு வருத்தங்கள். அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் எல்லாம், "அங்கே எவ்வளவு பீஸ் கட்டினீங்க?" என்று கேட்கிறார்களாம். அது ஒன்று. இன்னொன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவர் தெருவில் இருக்கும் ஒரு பையன் அந்த பிளெக்ஸைப் பார்த்துவிட்டு, "அக்காவே அங்கதான் படிச்சிருக்கு" என்று வீட்டில் சொல்லிப் பணம் கட்டிவிட்டானாம்.

அந்தப் பையன் எதை நம்பினான் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கட்டடத்தையோ ஆசிரியர்களின் பெயர்களையோ அவன் நம்பவில்லை. தனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் சொல்லை நம்பினான். மாணவர் கருத்துக்கு விளம்பரத்தில் இவ்வளவு பலம் இருப்பது இதனால்தான். அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் வைத்து அந்தப் பலத்தை எடுத்துக்கொண்டோம். அதில் உங்கள் பங்கும் உண்டு, என் பங்கும் உண்டு.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர் 13 அன்று பயிற்சி மைய விளம்பரங்களுக்கென்றே தனி வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. வெற்றி பெற்றவரின் பெயர், படம், கருத்து எதையும் அவருடைய எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. அந்த ஒப்புதலையும் அவர் தேர்ச்சி பெற்ற பிறகுதான் வாங்க வேண்டும். படத்தோடு அவருடைய பெயர், தரவரிசை, அவர் சேர்ந்த வகுப்பின் பெயர், அது எத்தனை காலம் நடந்தது, அவர் கட்டணம் செலுத்தினாரா என்பதையும் போட வேண்டும். பொறுப்புத் துறப்பு வாசகம் இருந்தால், எந்த அளவு எழுத்தில் பெருமையைச் சொல்கிறீர்களோ அதே அளவு எழுத்தில் அதுவும் இருக்க வேண்டும். நூறு சதவீதத் தேர்ச்சி என்று உறுதி கொடுக்கக் கூடாது.

தேர்ச்சிக்குப் பிறகுதான் ஒப்புதல் என்பதைச் சிலர் வீண் கெடுபிடி என்று நினைக்கிறீர்கள். உங்கள் சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். "தேர்ச்சி பெற்றால் என் படத்தையும் பெயரையும் நிறுவனம் பயன்படுத்திக்கொள்ள முழு சம்மதம்" என்று பதினாறாவதோ பதினேழாவதோ நிபந்தனையாக ஒரு வரி இருக்கும். அந்த மாதிரிப் படிவங்களையும் நானே அச்சடித்திருக்கிறேன். சேரும் நாளில் அந்த மாணவருக்கு இடம் வேண்டும், தவணை வேண்டும், நிபந்தனைகளைப் படிக்கிற நிலையில் அவர் இல்லை. தன் படிப்பைப் பற்றி அன்றைக்கு அவருக்குச் சொல்ல எதுவுமே இல்லை. வகுப்பே தொடங்காத நாளில் வாங்கும் கையெழுத்து எப்படி அவர் கருத்துக்கு ஒப்புதல் ஆகும்? அதனால்தான் ஆணையம் அதை ஏற்கவில்லை.

இந்த நெறிமுறை வெளிவந்த நேரத்தில் ஆணையம் 45 நோட்டீஸ்கள் அனுப்பி, 18 மையங்களுக்கு மொத்தம் 54 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்திருந்தது. பெரும்பாலானவை குடிமைப் பணித் தேர்வு மையங்கள். அதில் ஒரு வழக்கை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதே முறையை நாம் இங்கே, மாதிரித் தேர்வு மட்டும் எழுத வருகிறவர்களின் டெஸ்ட் பேட்சை வைத்துச் செய்கிறோம். 2022 குடிமைப் பணித் தேர்வில் 933 பேர் தேர்வானார்கள். அதில் 682 பேர் எங்கள் மாணவர்கள் என்று டெல்லியில் ஒரு மையம் விளம்பரம் செய்தது. ஆணையம் விசாரித்தபோது, அவர்களில் ஏறக்குறைய எல்லோருமே அங்கே இலவசமாக நடந்த மாதிரி நேர்காணலில் கலந்துகொண்டவர்கள் என்று தெரிந்தது. குடிமைப் பணித் தேர்வில் முதல்நிலை, முதன்மை என்ற இரண்டு கட்டங்களையும் கடந்தவர்தான் நேர்காணலுக்கே வருவார். மொத்தம் 2025 மதிப்பெண்ணில் நேர்காணலுக்கு 275தான். கடினமான பகுதியைத் தானாகவோ வேறு இடத்திலோ முடித்துவிட்டு, கடைசியில் ஒரு மணி நேரம் பயிற்சிக்கு வந்தவரின் படம் அது. அதைப் பார்த்து, இரண்டு வருட வகுப்புக்கு லட்சக்கணக்கில் கட்டிச் சேருகிறான் ஒரு மாணவன். அந்த விளம்பரத்தில் இருந்த பெயர்கள் உண்மையானவை, படங்களும் உண்மையானவை. எந்த வகுப்பு என்ற ஒரே ஒரு விவரம் இல்லாததால் மொத்தமும் பொய்யாகிவிட்டது.

நம் ஊர்க் கணக்குக்கு வருகிறேன். தொகுதி 4-இல் நேர்காணல் கிடையாது. ஒரே எழுத்துத் தேர்வு, 200 கேள்விகள், அப்புறம் சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு. அதனால் இங்கே இலவச நேர்காணலின் இடத்தில் டெஸ்ட் பேட்ச் இருக்கிறது. ஒரு மாணவர் நாலு மையங்களின் டெஸ்ட் பேட்சில் இருப்பார். ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்தான், சில இடங்களில் இலவசம். அவர் தேர்ச்சி பெற்றதும் நாலு பிளெக்ஸிலும் முகம் வரும். ஒரே முகத்தை ஒரே வாரத்தில் மூன்று மையங்களுக்கு நானே வெட்டி ஒட்டியிருக்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரு மையத்தை வைத்துக்கொள்வோம். முழுநேர வகுப்பில் 400 பேர் சேர்ந்தார்கள், 16 பேருக்கு வேலை கிடைத்தது. டெஸ்ட் பேட்சில் 2,000 பேர், அதில் 24 பேருக்குக் கிடைத்தது. வழக்கமான பிளெக்ஸ் என்ன சொல்லும்? "40 வெற்றியாளர்கள்" என்று சொல்லும். அந்த நாற்பதை வைத்து வாசகரால் எதையும் கணக்குப் போட முடியாது. இதையே பிரித்துப் போடுங்கள்: "முழுநேர வகுப்பு: 400 பேரில் 16 பேர். டெஸ்ட் பேட்ச்: 2,000 பேரில் 24 பேர்." இப்போது முழுநேர வகுப்பில் நூற்றுக்கு நாலு, டெஸ்ட் பேட்சில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல் என்று எவருக்கும் தெரியும்.

நூற்றுக்கு நாலு என்று போட்டால் யார் வருவார்கள் என்று கேட்பீர்கள். 2024 ஜூன் 9 அன்று நடந்த தொகுதி 4 தேர்வை 15 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதினார்கள். முதலில் அறிவித்த இடங்கள் 6,244. பிறகு இடங்களைக் கூட்டினார்கள். கூட்டிய பிறகும் எழுதியவர்களில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஆறு பேருக்குத்தான் வேலை. அந்தக் கணக்கின் பக்கத்தில் நூற்றுக்கு நாலு என்பது மிக நல்ல எண். உங்கள் முழுநேர வகுப்பின் உண்மையான பலத்தை டெஸ்ட் பேட்ச் கூட்டத்துக்குள் கரைத்து, நீங்களே மறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் அந்த நாலுக்கும் வகுப்பு மட்டுமே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். முழுநேரமாக உட்கார்ந்து படிக்க வசதியும் நேரமும் உள்ளவர்கள்தான் அந்த வகுப்பில் சேருகிறார்கள், அதுவும் ஒரு காரணம். எண்ணை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டால் போதும்.

எண்ணுகிறபோது சில இடங்களில் தவறு நடக்கிறது. இரண்டு பேட்சிலும் இருந்தவரை இரண்டு முறை எண்ணுகிறோம். தொகுதி 2-லும் 4-லும் தேர்ச்சி பெற்ற ஒருவரை இரண்டு வெற்றியாளர்களாகக் காட்டுகிறோம். அப்புறம், பாதியில் நின்றவர்களைச் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையிலிருந்து கழிப்பது. அதைச் செய்யாதீர்கள். பணம் கட்டப்போகிறவர், தான் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறார். பாதியில் நிற்பதும் அதில் ஒன்று.

சரி, எழுதும் விஷயத்துக்கு வருகிறேன். நல்ல மாணவர் கருத்து எப்படி இருக்கும் என்பதை ஒரு சிறு நகரத்து மையத்தோடு சேர்ந்து வேலை செய்தபோதுதான் கற்றுக்கொண்டேன். அந்த போன் வந்த பிறகு நடந்தது இது. இனி மாணவரிடம் நானே பேசாமல் கருத்தை அடிக்க மாட்டேன் என்று உரிமையாளரிடம் சொன்னேன். அவர் முதலில் கோபப்பட்டார், பிறகு சம்மதித்தார்.

இளநிலை உதவியாளராகத் தேர்வான ஒரு பெண்ணுக்காக மையம் எழுதி அனுப்பியிருந்த வாசகம் இது: "தலைசிறந்த ஆசிரியர்களின் வழிகாட்டுதலாலும் தரமான பாடக்குறிப்புகளாலும் என் அரசு வேலைக் கனவு நனவானது. மையத்துக்கு என் மனமார்ந்த நன்றி." இதே வரிகள், ஆசிரியர் என்பதற்குப் பதில் நிர்வாகம் என்று மாற்றி, இன்னும் மூன்று பேருக்கும் இருந்தன. பெயரை அழித்துவிட்டால் எந்த ஊரில், எந்த மையத்தில், யார் சொன்னது என்று கண்டுபிடிக்கவே முடியாது. படிக்கிறவர்களுக்கும் அது தெரியும். அவர்கள் கண் அந்த வரிகளைத் தாண்டிப் படத்துக்குப் போய்விடும்.

அவரோடு இருபது நிமிடம் பேசினேன். மையம் எப்படி இருந்தது என்று கேட்கவில்லை, கேட்டால் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார். இங்கே சேருவதற்கு முன் எந்த இடத்தில் சிக்கிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். இங்கே வந்து எது மாறியது, எது உதவவில்லை, இந்த மையம் அல்லாமல் வேறு எதெல்லாம் துணையாக இருந்தது, எப்படிப்பட்டவருக்கு இந்த வகுப்பு சரிவராது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் அனுமதியோடு போனில் பதிவு செய்துகொண்டேன். எழுதித் தரச் சொன்னால் பெரும்பாலானவர்கள் மேடைத் தமிழுக்குப் போய்விடுகிறார்கள். பேசினால் அவர்கள் சொற்களிலேயே வரும்.

அவர் பேசியதிலிருந்து நாங்கள் அச்சிட்டது இது:

"முதல் இரண்டு தடவையும் தமிழில் நல்ல மார்க். ஆனால் கணக்கு 25 கேள்வியில் பாதிக்கு மேல் குத்துமதிப்பாகத்தான் ஷேட் பண்ணினேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை கணக்கு வகுப்பில் ஆளுக்கு ஒரு கணக்கை நாமே போர்டில் போட வேண்டும். முதல் மாதம் பயந்து இரண்டு வாரம் போகவில்லை. அப்புறம் பழகிவிட்டது. பொது அறிவுக்குப் பள்ளிப் புத்தகம் மட்டும்தான் படித்தேன், மையத்து நோட்ஸை அதிகம் தொடவில்லை."

அதன் கீழே அதே அளவு எழுத்தில்: "வார இறுதி வகுப்பு, 8 மாதம், கட்டணம் செலுத்தியவர். மூன்றாவது முயற்சி. அதற்கு முந்தைய ஆண்டு அரசுப் பயிலும் வட்டத்திலும் படித்தவர்."

நோட்ஸைத் தொடவில்லை என்ற வரியை எடுத்துவிடலாம் என்று உரிமையாளர் சொன்னார். நோட்ஸை அச்சடிக்க அவருக்கு நிறையச் செலவு ஆகியிருக்கிறது, வருத்தம் நியாயமானதுதான். ஆனால் அந்த வரியை எடுத்தால், எல்லாப் பாடத்துக்கும் இந்த மையம்தான் காரணம் என்று அர்த்தம் மாறிவிடும். நீளம் கருதி வெட்டலாம், எழுத்துப் பிழை திருத்தலாம், திரும்பத் திரும்பச் சொன்னதைக் குறைக்கலாம். வெட்டிய பிறகு மிச்சமிருப்பது, முழுதாகக் கேட்டவருக்குக் கிடைக்கும் அதே எண்ணத்தைத் தர வேண்டும். நான் வைத்திருக்கும் அளவுகோல் அது ஒன்றுதான். சந்தேகம் வந்தால், வெட்டியதைச் சொன்னவரிடமே படித்துக் காட்டுவேன். கடைசியில் அந்த வரியோடுதான் அச்சானது.

அந்த நோட்டீஸால் சேர்க்கை கூடியதா என்று என்னால் சொல்ல முடியாது, அந்த மாதமே தேர்வு அறிவிக்கையும் வந்துவிட்டது, கூட்டம் எப்படியும் வந்திருக்கும். ஆனால் வந்தவர்கள் கேட்ட கேள்வி மாறியது என்று உரிமையாளர் சொன்னார். எவ்வளவு பேர் பாஸ் என்று கேட்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை கணக்கு வகுப்பு எத்தனை மணிக்கு, போர்டில் போடச் சொல்வீர்களா என்று கேட்டார்கள். கணக்கில் தடுமாறுகிறவர்கள் தங்களுக்கான இடத்தை அடையாளம் கண்டு வந்தார்கள். கூச்சத்தால் போர்டுக்கு வர விரும்பாத ஒருவர் வேறு மையம் பார்க்கிறேன் என்று போய்விட்டார். மூன்று மாதம் கழித்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போடுவதைவிட அவர் அன்றே போனது இருவருக்கும் நல்லது.

ஒப்புதல் படிவத்தைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் "சம்மதம்" என்ற ஒற்றைச் சொல்லோடு வாங்கி வருகிறீர்கள். எதற்குச் சம்மதம் என்று அதில் இருக்க வேண்டும். நோட்டீஸில் படம் வர ஒப்புக்கொள்ளும் ஒரு பெண், பத்து அடி பிளெக்ஸில் பஸ் ஸ்டாண்டில் மாதக்கணக்கில் தன் முகம் தொங்குவதற்கு ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம். அதனால் நோட்டீஸ், பிளெக்ஸ், செய்தித்தாள், யூடியூப், வாட்ஸ்அப் என்று தனித்தனிக் கட்டம் போட்டு, வேண்டியதை அவரே டிக் செய்யட்டும். எந்தத் தேதி வரை என்று எழுதுங்கள். அடுத்த முடிவு வரும் வரை என்பது போதுமான காலம். அதற்குப் பிறகும் பழைய முகங்களை வைத்திருப்பது இப்போதைய வகுப்பைப் பற்றி எதுவும் சொல்லாது, அந்த ஆசிரியரே வேறு மையத்துக்குப் போயிருப்பார். இடையில் வேண்டாம் என்றால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு நம்பர் போடுங்கள். படத்தை அவரே தேர்ந்தெடுத்துத் தரட்டும். தேர்வுப் பதிவெண்ணை எந்தக் காரணத்துக்காகவும் அச்சிடாதீர்கள். பதினெட்டு வயது நிறையாதவர் என்றால் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்குங்கள், நீட் வகுப்பும் சேர்த்து நடத்துகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். படிவத்தில் ஒரு பிரதி மாணவரிடம் இருக்க வேண்டும். கடைசியாக, முழு டிசைனை, படமும் வரிகளும் அவர் முகத்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதும் தெரிகிற மாதிரி அவருக்கு அனுப்பி, சரி என்று பதில் வந்த பிறகே அச்சுக்கு விடுங்கள்.

பரிசு விஷயம் கொஞ்சம் சங்கடமானது. பாராட்டு விழாவில் லேப்டாப், தங்கக் காசு, ரொக்கம் கொடுக்கிறீர்கள். உழைத்து வந்த பிள்ளைக்குக் கொடுப்பதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் கருத்து சொன்னால்தான் பரிசு என்று ஆக்காதீர்கள். கொடுத்திருந்தால், "பாராட்டு விழாவில் பரிசு பெற்றவர்" என்று அந்தக் கருத்தின் கீழேயே போடுங்கள். விளம்பரதாரருக்கும் பரிந்துரைப்பவருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இருந்தால், படிப்பவருக்கு அது முக்கியமாக இருக்கும்போது தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2022 ஜூனில் வந்த பொதுவான விளம்பர நெறிமுறையே சொல்கிறது. அதே நெறிமுறையில் இன்னொன்றும் உண்டு. பொறுப்புத் துறப்பு வாசகம், விளம்பரம் எந்த மொழியில் பேசுகிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும். தமிழில் ஒரு அடி உயரத்துக்கு "100% வெற்றி" என்று எழுதி, ஒரு நட்சத்திரம் போட்டு, அடியில் எறும்பு அளவு ஆங்கிலத்தில் நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்று போடச் சொன்னவர்கள் என் வாடிக்கையாளர்களில் பலர். அந்த ஆங்கிலத்தைப் படிக்க முடிந்திருந்தால் அந்த மாணவர் கிட்டே போய்ப் பார்த்திருப்பார். பிளெக்ஸோ பன்னிரண்டு அடி உயரத்தில் இருக்கிறது.

அபராதத்தைக் காட்டிப் பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை, ஆனால் தெரியாமல் இருக்கக் கூடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை விதிக்கலாம். புகார் கொடுக்க 1915 என்ற எண்ணுக்கு ஒரு போன் போதும். எனக்குப் போன் செய்த அந்தப் பெண்ணுக்கு இந்த எண் அன்று தெரிந்திருக்கவில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. இப்போது கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

சின்ன மையம் நடத்துகிறவர்களின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. எதிர்த் தெருவில் ஒருவர் 200 முகம் போட்டு பிளெக்ஸ் வைத்தால், நாலு முகத்தோடு நிற்பது எவ்வளவு கடினம் என்று நீங்கள் என் கடையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறீர்கள். இருந்தாலும் அந்த 200 வட்டங்களில் யாருடைய முகமும் சாலையில் போகிறவருக்குத் தெரிவதில்லை. பத்துக்கு எட்டு அடியில் 200 படம் என்றால் ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுதான் வரும், டிசைன் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். அதே இடத்தில் நாலு பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, எந்த வகுப்பு, எத்தனை மாதம் என்று போட்டால் பைக்கில் போகிறவர் சிக்னலில் நின்று படித்துவிடுவார். தேர்ச்சி பெறாத ஒருவரின் சொல்லையும் நோட்டீஸில் சேர்க்கலாம். "இரண்டு மதிப்பெண்ணில் போனது, ஆனால் கணக்கு இப்போது பயமில்லை, மறுபடி எழுதுகிறேன்" என்று சொல்ல ஒருவர் முன்வந்தால், பரீட்சை எழுதி வேலை கிடைக்காத பெருங்கூட்டம் அவரைத்தான் முதலில் படிக்கும். எனக்குத் தெரிந்து, அதைக் கேட்டு வாங்க இதுவரை எந்த மையமும் துணியவில்லை.

என் கடையில் நான் மாற்றிக்கொண்டதைச் சொல்லி முடிக்கிறேன். மாணவர் படத்தோடு எந்த வேலை வந்தாலும், தேர்ச்சி பெற்ற தேதிக்குப் பிறகு கையெழுத்தான ஒப்புதல் படிவத்தின் நகல் இருந்தால்தான் தொடங்குவேன். வகுப்பின் பெயரும் காலமும் கட்டண விவரமும் இல்லாத முகத்தை வைக்க மாட்டேன். மாணவரின் "சரி" வராமல் அச்சுக்கு அனுப்ப மாட்டேன். இதனால் இரண்டு நாள் கூடுதலாக ஆகும், அதற்குத் தனியாக எதுவும் வாங்க மாட்டேன். மேலே சொன்ன கட்டங்களோடு ஒரு பக்கப் படிவம் தமிழில் தயார் செய்து வைத்திருக்கிறேன். என்னிடம் வேலை கொடுக்காதவர்களும் வாங்கிக்கொள்ளலாம், கடைக்கு வந்தால் பென் டிரைவில் போட்டுத் தருவேன்.

அந்தப் பெண்ணின் படம் இருந்த பிளெக்ஸ் பதினொரு நாள் கழித்து இறங்கியது. மூன்றாவது வரிசையில் ஒரு வட்டத்தை மட்டும் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிடலாமா என்று முதலில் கேட்டார்கள். மற்ற முப்பத்தொன்பது பேரிடமும் கேட்டீர்களா என்று கேட்டேன். அதன் பிறகுதான் முழுதாக இறக்கினார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிளெக்ஸ்களை அச்சிட்டுத் தரும் மதுரைக்காரன்